பத்து நிமிடப் பேச்சும் அதன்பின் வரும் நான்கு வாரங்களும்

ராணிப்பேட்டை, வாலாஜா, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியில், "கஞ்சாவை விடணும், உதவி பண்ணுங்க" என்று கேட்டுக்கொண்டு புறநோயாளிப் பிரிவுக்கு வரும் இளைஞர் மிகக் குறைவு. தூக்கம் வரவில்லை என்று ஒருவர் வருவார். டேனரி மெஷினில் விரல் கிழிபட்டுத் தையல் போட இன்னொருவர் வருவார். வேறொருவரை அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பார். கஞ்சா பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான், மருத்துவரோ செவிலியரோ கேட்டால் மட்டும், வரும். அப்போது மருத்துவரிடம் இருப்பது பத்து நிமிடம். அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா, செய்தால் அது எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பற்றி உலகெங்கும் முப்பது ஆண்டுகளாக ஆராய்ச்சி நடந்துவருகிறது. அந்த முடிவுகளை இந்தப் பகுதியின் கண்ணோடு படித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

இங்கே சிகிச்சைக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறைக்கு அது பெயர்பெற்றது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமானது, 2022-ல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறக்கப்பட்டது. வாலாஜாபேட்டையில் அரசுத் தலைமை மருத்துவமனையும், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டக் குழுவும் உண்டு. ஆக, இடத்தைவிட, முதல் சந்திப்புக்கும் இரண்டாவது சந்திப்புக்கும் நடுவில் விழும் இடைவெளிதான் நம் கவலையாக இருக்க வேண்டும்.

பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதற்கு மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வு ஓர் அளவுகோல். 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் சுமார் 2.8 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் பாங், கஞ்சா, சரஸ் இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்திருந்தார்கள். அதாவது 3.1 கோடிப் பேர். அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் 72 லட்சம். உபயோகிக்கும் எல்லாரும் நோயாளிகள் அல்ல, ஆனால் ஏறக்குறைய நான்கில் ஒருவர் சிக்கலில் இருக்கிறார். குறுகிய ஆலோசனை என்ற முறையே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதில்தான் ஆரம்பமாகிறது.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'அசிஸ்ட்' என்ற கேள்வித்தாள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. கஞ்சாவுக்கு ஆறு கேள்விகள் மதிப்பெண்ணில் சேரும். 3 வரை வந்தால் ஆபத்து குறைவு. 4 முதல் 26 வரை நடுத்தரம். இவர்களுக்குத்தான் குறுகிய ஆலோசனை. 27-ம் அதற்கு மேலும் வந்தால் அந்த ஆலோசனை மட்டும் போதாது, முழுச் சிகிச்சைக்கு வழிகாட்ட வேண்டும்.

பயிற்சி வகுப்புகளில் செய்வதுபோல, இந்தக் கட்டுரைக்காகவே அமைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 22. சிப்காட்டில் ஒரு டேனரியில் ஷேவிங் மெஷினுக்கு உதவியாள். சனிக்கிழமை வாரக்கூலி. பதினேழு வயதில் பிடிக்கத் தொடங்கியவர், இப்போது தினமும் ஷிப்ட் முடிந்து இரவு இரண்டு தடவை. பீடித் தூளோடு கலந்து சுருட்டுவது வழக்கம். அது போகப் பத்துப் பீடி தனியாக. தூக்கமில்லை, எரிச்சல் என்று அம்மா அழைத்து வந்திருக்கிறார்.

அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கேள்விகள் தொடங்குகின்றன. கடந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை? தினமும் என்பதற்கு 6. பிடித்தே ஆக வேண்டும் என்ற வேட்கை? வாரத்துக்கு ஓரிரு நாள், 5. உடம்பு, பணம், சட்டம் சார்ந்த தொல்லை? ஓரிரு முறை, 4. செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டது உண்டா? "அதெல்லாம் இல்ல சார், வேலைக்குக் கரெக்டா போயிடுவேன்." 0. வீட்டார் கவலைப்பட்டுச் சொன்னார்களா? சமீபத்தில் என்பதால் 6. விட முயன்று தோற்றது? போன வருடம், 3. கூட்டினால் 24. நடுத்தரம், குறுகிய ஆலோசனை போதும்.

அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான்காவது கேள்வியைத் திரும்பக் கேட்டால் பதில் மாறுகிறது. இரண்டு முறை காலை ஷிப்டுக்கு எழுந்திருக்க முடியாமல் லீவு போட்டிருக்கிறார். வீட்டில் அதைச் சொல்லவில்லை. அதற்கு 5. இப்போது மொத்தம் 29. ஒரே மனிதர், ஒரே காலை, ஒரே கேள்வித்தாள். நடுத்தரம் என்ற பிரிவிலிருந்து கடுமையானது என்ற பிரிவுக்குப் போய்விட்டார். குடும்பம் கூடவே வரும் நம் ஊரில் இந்தப் பிழை எளிதாக நடக்கும். குடும்பம் பலம்தான், ஆனால் முதல் பத்து நிமிடம் இளைஞருக்குத் தனியாகக் கிடைக்க வேண்டும். அதே தனிமையில் மற்றவற்றையும் கேட்டுவிட வேண்டும்: குடி, வலி மாத்திரை, தூக்க மாத்திரை, காலணிக் கம்பெனியில் ஒட்டப் பயன்படும் சொல்யூஷனை முகர்வது. கஞ்சா தனியாக வருவதைவிடத் துணையோடு வருவதே அதிகம்.

இனி ஆலோசனை. இது அறிவுரை சொல்வதல்ல என்பதைப் படித்தவர்களும் மறந்துவிடுகிறார்கள். முதலில் மதிப்பெண்ணைக் காட்டி அதன் பொருளைச் சொல்லி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்க வேண்டும். பிறகு, பிடிப்பதில் அவருக்கு என்ன நல்லது தெரிகிறது என்று உண்மையாகவே விசாரிக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் பலர் தயங்குகிறார்கள். "உடம்பு வலி தெரியாது சார், டிரம் நாத்தம் மண்டையில நிக்காது, படுத்தா தூங்கிடலாம்" என்ற பதிலில்தான் பின்னால் வரப்போகும் சறுக்கலின் வரைபடமே இருக்கிறது. அதற்குப் பிறகே, எது பிடிக்கவில்லை என்ற கேள்வி. அவர் காலை மந்தத்தைச் சொல்வார், பணத்தைச் சொல்வார். வாரம் 600 ரூபாய் என்றால் வருடத்துக்கு எவ்வளவு என்று அவரையே கணக்குப் போடச் சொன்னால் 31,200 என்று அவர் வாயிலிருந்தே வரும். சுழலும் பிளேடுக்கு முன் கை வைத்து நிற்பவர் முந்தைய இரவின் மந்தத்தோடு நின்றால் என்ன ஆகும் என்பதையும் அவரே சொல்லட்டும். முடிவு அவர் கையில் இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, "தம்பி, இது உங்களுக்கு எவ்வளவு கவலையா இருக்கு?" என்று கேட்டு நிறுத்த வேண்டும். 'நீ' என்று தொடங்கி அதட்டும் இடத்தில் இந்தப் பேச்சு பலிக்காது.

இது வேலை செய்கிறதா? உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் ஆஸ்திரேலியா, பிரேசில், அமெரிக்கா ஆகியவற்றோடு இந்தியாவும் பங்கெடுத்தது. நடுத்தர ஆபத்தில் இருந்த 731 பேரைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2012-ல் வந்தது. ஆலோசனை பெற்றவர்களின் மதிப்பெண் மூன்று மாதத்தில், பெறாதவர்களைவிட அதிகம் குறைந்தது. ஆனால் அமெரிக்காவில் மட்டும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இரண்டே ஆண்டில், 2014-ல், அமெரிக்காவிலிருந்தே இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளியாயின. பாஸ்டனில் 528 பேர், வாஷிங்டன் மாநிலத்தில் 868 பேர். வேறு நோய்க்காக மருத்துவரிடம் வந்து, கேள்வித்தாளில் போதைப் பழக்கம் தெரியவந்தவர்கள் இவர்கள். பாஸ்டன் ஆய்வில் பெரும்பாலோர் கஞ்சா உபயோகிப்பவர்கள். குறுகிய ஆலோசனையால் எந்தப் பலனும் இல்லை என்றன இரண்டும்.

இந்த முரணைப் பலர் ஒரு பக்கமாகவே படிக்கிறார்கள். ஆலோசனை வீண் என்று சிலர். அமெரிக்கா வேறு, நாம் வேறு என்று சிலர். என் கணிப்பு வேறு. பழக்கம் லேசாக இருந்து, யாரும் அதுவரை இதைப் பற்றிக் கேட்டிராதவரிடம் பத்து நிமிடப் பேச்சு ஒரு அசைவை உண்டாக்கும். தினமும் பிடிப்பவரிடம், விடுவதைப் பற்றி அவரே யோசிக்காத நிலையில், ஒரே ஒரு பேச்சு எதையும் மாற்றாது. நம் 29 மதிப்பெண் இளைஞர் இரண்டாவது வகை.

அவருக்கு எவ்வளவு சிகிச்சை தேவை? அமெரிக்காவில் கஞ்சாவுக்கு அடிமையான 450 பெரியவர்களிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. ஒரு பிரிவுக்கு இரண்டு அமர்வு. ஊக்கம் தரும் பேச்சு மட்டும். இன்னொரு பிரிவுக்கு ஒன்பது அமர்வு. ஊக்கத்தோடு சமாளிக்கும் திறன் பயிற்சியும். மூன்றாம் பிரிவினர் காத்திருந்தார்கள். நான்காவது மாதத்தில் முழுதாக விட்டிருந்தவர்கள் ஒன்பது அமர்வுப் பிரிவில் 23 சதவீதம், இரண்டு அமர்வில் 9, காத்திருந்தவர்களில் 4. இரண்டு அமர்வுக்கும் பலன் உண்டு. ஒன்பதுக்குப் பலன் அதிகம். ஆனால் ஒன்பதிலும் நான்கில் ஒருவர்கூட முழுதாக விடவில்லை. முழுதாக விடாத பலர் குறைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிறிய ஆய்வு 2003-ல் வந்தது. புறநோயாளிச் சிகிச்சையில் இரண்டு வாரமாவது விட்டுக் காட்டிய 82 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதத்துக்குள் 71 சதவீதம் பேர் ஒரு முறையாவது மீண்டும் பிடித்தார்கள். அப்படிச் சறுக்கியவர்களிலும் பெரும்பாலோர் வாரத்தில் பல நாள் பிடிக்கும் நிலைக்குத் திரும்பினார்கள். விட வைப்பதைவிட விட்ட நிலையில் நிற்க வைப்பது கடினம் என்று எல்லாருக்கும் தெரியும். எந்த நாட்களில் விழுகிறார்கள் என்பதுதான் நடைமுறைக்கு உதவும் கேள்வி.

அதற்கு விடை உடலில் இருக்கிறது. தினமும் பிடித்தவர் நிறுத்தினால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் எரிச்சல், பதற்றம், பசியின்மை, தூக்கமின்மை தொடங்கும். முதல் வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். தூக்கக் கோளாறும் பயங்கரமான, தெளிவான கனவுகளும் ஒரு மாதம்கூட நீடிக்கலாம். மூளையில் கஞ்சா போய் ஒட்டும் ஏற்பிகள் தினசரி உபயோகத்தால் குறைந்திருக்கும். நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்தே மீளத் தொடங்கி, சுமார் நான்கு வாரத்தில் இயல்பை நெருங்கும். குடியை நிறுத்தும்போது வருவதுபோல வலிப்போ உயிராபத்தோ இதில் இல்லை. அதனாலேயே இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தூக்கமில்லாமல் மருத்துவரிடம் வந்தவர், கஞ்சாவை விட்டதால் முன்பைவிடத் தூக்கம் கெட்டுப்போய், "எனக்கு அதுதான் மருந்து" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். இது விட்டதன் விளைவு, இத்தனை நாளில் போய்விடும் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த முடிவு எழாமல் போக வாய்ப்புண்டு.

மாதம் ஒரு முறை வரச் சொல்லும் வழக்கமான சீட்டு ஏன் தோற்கிறது என்பது இப்போது புரியும். அவர் அடுத்து வரும் நாளுக்குள் போராட்டம் முடிந்து, பெரும்பாலும் தோற்றும் போயிருப்பார். அந்தத் தோல்வியை மருத்துவரிடம் வந்து சொல்ல அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

எனவே மறுசறுக்கல் தடுப்பு என்பது ஆறாவது வாரத்தில் தொடங்கும் தனி வகுப்பாக இருக்கக் கூடாது. முதல் நாளே அது தொடங்க வேண்டும். இதற்கு அடிப்படையான நூலை ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985-ல் எழுதினார்கள். எந்தச் சூழலில் கை நீளும் என்பதை முன்பே கண்டறி, அந்தச் சூழலுக்கு வேறொரு செயலைத் தயார் செய், ஒரு முறை சறுக்கினால் அதை முழு வீழ்ச்சியாக எண்ணாதே என்பது அவர்கள் சொன்னதன் சாரம்.

நம் இளைஞருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அவரோடு உட்கார்ந்து கடந்த வாரத்தை நாள்நாளாகச் சொல்லச் சொன்னால் மூன்று இடங்கள் தெரியவரும். சனிக்கிழமை கூலி வாங்கியதும் நண்பர்கள் பங்கு போட்டுப் பொட்டலம் வாங்கும் நேரம். இரவு ஷிப்ட் முடிந்து, உடம்பு அசந்தும் கண் மூடாத நேரம். வீட்டில் அப்பாவோடு சண்டை வந்தால் பாலாற்றுப் பக்கம் எழுந்து போகும் நேரம். 'மன உறுதியோட இருங்க' என்பது இவற்றில் எதற்கும் பதில் ஆகாது. சனிக்கிழமைக்கு அவர் தேர்ந்தது: கூலியை அக்காள் கணக்குக்கு ஜி-பேயில் உடனே அனுப்பிவிட்டு நேராக வீட்டுக்குப் போவது. நண்பர்களிடம் சொல்ல ஒரே வாக்கியம்: "மெஷின்ல கை போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு, வேணாம்டா." அதைச் சிகிச்சை அறையில் இரண்டு மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும், மனதுக்குள் வைத்திருந்தால் அந்த நேரத்தில் வாய்க்கு வராது. தூக்கத்துக்கு: மாலைக்குப் பிறகு டீ இல்லை, இரவு ஷிப்ட் நாளில் பகலில் ஜன்னலை மூடி ஒரே நேரத்தில் படுப்பது, இரண்டு வாரம் மோசமாகத்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. சண்டைக்கு: ஆற்றுப் பக்கம் போகாமல் எந்த வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு பெயர்.

வேட்கை எழும்போது அதோடு மல்லுக்கட்டாமல் கவனித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். இதையும் ஒரு முறை சிகிச்சை அறையிலேயே செய்து பார்த்துவிடுவது நல்லது.

பீடியை மறக்கக் கூடாது. கஞ்சாவை விட்டுப் பீடியைத் தொடர்பவருக்கு அதே தீப்பெட்டி, அதே உதடு, அதே கூட்டாளிகள். இரண்டையும் ஒன்றாக விடச் சொல்வது சுமை என்று எண்ணி மருத்துவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். அவரே தயாராக இருந்தால் தள்ளிப்போட வேண்டியதில்லை. நிகோடின் சூயிங்கத்தின் உதவியோடு இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம்.

இனி பதினோராவது நாள். ஒரு கல்யாண வீட்டில் நண்பன் நீட்ட, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை அவர் மனதில் ஓடுவது: "எல்லாம் போச்சு, இனி விட்டு என்ன, பிடிச்சு என்ன." அந்த இரண்டு இழுப்பைவிட இந்த நினைப்பு ஆபத்தானது. பதினான்காம் நாள் தொலைபேசி அழைப்பு இதற்காகவே இருக்கிறது. அழைப்பவர் திட்டவும் வேண்டாம், பரவாயில்லை என்று தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். யார் கொடுத்தது, எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது, அடுத்த முறை எங்கே திரும்பியிருக்கலாம் என்று கேட்டு, திட்டத்தில் நான்காவது இடமாகக் கல்யாண வீட்டைச் சேர்த்தால் போதும்.

அதே வாரத்தில் இன்னொரு விபத்தும் நடக்கலாம். மருந்துக்கடையில் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை கிடைக்கிறது. வீட்டில் வாங்கிச் சோதித்துப் 'பாசிட்டிவ்' என்று வந்ததும், பொய் சொல்கிறான் என்று வீடு ரணகளமாகிறது. கஞ்சாவின் வேதிப்பொருள் உடல் கொழுப்பில் தங்கி மெல்லக் கசிவது. எப்போதாவது பிடித்தவருக்குச் சில நாளில் போய்விடும். வருடக்கணக்கில் தினமும் பிடித்தவருக்கு ஒரு மாதம் வரைகூடத் தெரியலாம். முதல் மாதத்தில் வரும் பாசிட்டிவ், புதிதாகப் பிடித்ததற்குச் சான்று ஆகாது. இதை முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டால் ஒரு சண்டையும், அந்தச் சண்டை கொண்டுவரும் சறுக்கலும் தவிர்க்கப்படும்.

மருந்து இருக்கிறதா என்று எல்லாக் குடும்பமும் கேட்கும். கஞ்சாப் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இதுவரை இல்லை. என்-அசிட்டைல் சிஸ்டீன் 2012-ல் இளைஞர்களிடம் நம்பிக்கை தந்தது. 2017-ல் 302 பெரியவர்களிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை. தூக்கத்துக்கென்று அல்பிரசோலம் வகை மாத்திரைகளை எழுதித் தருவது ஒரு பழக்கத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கையில் கொடுப்பதாகிவிடும்.

ஆலோசனையையும் தொலைபேசியையும் நம்பி நிறுத்தக் கூடாத நேரங்கள் உண்டு. யாரோ பேசுவது காதில் கேட்கிறது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால், தற்கொலை எண்ணம் இருந்தால், குடியோ மாத்திரையோ சேர்ந்திருந்து நிறுத்தும்போது உடல் நடுங்கினால், அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். குடும்பத்தில் மனச்சிதைவு உள்ளவர் இருந்தால், கஞ்சாவைக் குறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, நிறுத்துவது மட்டுமே.

போலீஸ் பயம் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27-ம் பிரிவின்படி உபயோகிப்பதே குற்றம். கஞ்சாவுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, உபயோகித்த அல்லது சிறிய அளவு வைத்திருந்த குற்றச்சாட்டு உள்ள ஒருவர் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. கேள்வித்தாளை எடுப்பதற்கு முன் இதைச் சொல்லாவிட்டால், கேட்கும் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்ற பதிலே வரும்.

யார் அழைப்பது? மனநல மருத்துவர்தான் அழைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கோவாவில் மட்டுமீறிக் குடிக்கும் 377 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரிடம் மட்டும், மருத்துவப் படிப்பில்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வு பேசினார்கள். மூன்று மாதத்தில் அந்த நிலையிலிருந்து மீண்டவர்கள் இந்தப் பிரிவில் 36 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 26. இது 2017-ல் வெளியான, குடி பற்றிய ஆய்வு. கஞ்சாவுக்கும் இதே அளவு பலன் தரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர் ஆளே நம் மொழியில் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு இது போதுமான ஆதாரம்.

ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டப் புறநோயாளிப் பிரிவுகளை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். கஞ்சாவை நிறுத்தத் தேதி குறித்த ஒவ்வொரு இளைஞருக்கும் மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு அழைப்புகளைச் சீட்டிலேயே எழுதுங்கள். அழைக்கும் செவிலியரின் அல்லது சமூகப் பணியாளரின் பெயரையும் அதில் எழுதுங்கள். ஷிப்ட் நேரத்தைக் கேட்டு அதற்கேற்ப அழையுங்கள். இன்றே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றும் இளைஞரும் பெற்றோரும் தேசிய போதை மீட்பு உதவி எண் 14446-ஐயும், மனநல உதவிக்கு டெலி-மானஸ் எண் 14416-ஐயும் கட்டணமின்றி அழைக்கலாம்.